தீர்ப்பு என்பது ‘ஆளுக்குப் பாதி’ அல்ல: ஒரு சிறு ஒப்பந்த வழக்கை மாணவர் எப்படித் தீர்க்கிறார்

டர்பனில் ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தம் உறவினரின் வழக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். “இரண்டு பேரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாஜிஸ்திரேட் கேட்டுவிட்டு நடுவில் ஒரு தொகையைப் போட்டு அனுப்பிவிட்டார்” என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். நீதிமன்றம் என்றால் பெரிய பஞ்சாயத்து, தீர்ப்பு என்றால் பெரியவர் சொல்லும் சமாதானம் என்ற எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக இருக்கிறது.

சட்டம் படிக்கும் நம் பிள்ளைகளும் இந்த எண்ணத்தோடுதான் வருகிறார்கள். வழக்கறிஞராக வேலை பார்த்துக்கொண்டே பல ஆண்டுகளாக அவர்களுக்குத் தீர்ப்பு எழுதும் பயிற்சி கொடுத்து வருகிறேன். மாணவர் விசாரணை நீதிபதியின் நாற்காலியில் அமர்ந்ததாக வைத்துக்கொண்டு, கையில் கொடுக்கப்பட்ட கோப்பை மட்டும் வைத்து ஒரு சிறு ஒப்பந்தத் தகராறைத் தீர்த்து எழுத வேண்டும். நான் அடிக்கடி கொடுக்கும் ஒரு கோப்பை இங்கே பிரித்துக் காட்டுகிறேன். அது பயிற்சிக்காகப் புனைந்தது, அதில் வரும் ஆட்களும் தொகைகளும் கற்பனை. ஆனால் அதைத் தீர்க்கும் சட்டம் தென்னாப்பிரிக்க நீதிமன்றங்களில் இன்று நடப்பில் உள்ள சட்டம்.

பாட்டியின் தீர்ப்பும் நீதிபதியின் தீர்ப்பும்

வீட்டில் ஒரு கண்ணாடிக் குவளை உடைந்துவிட்டது. அண்ணன் தம்பியைக் காட்டுகிறான், தம்பி அண்ணனைக் காட்டுகிறான். பாட்டி என்ன செய்வார்? யார் பொல்லாதவன் என்பது அவருக்கு முன்பே தெரியும். போன வாரம் யார் பொய் சொன்னான் என்பதும் தெரியும். அதை வைத்து முடிவு செய்வார். இல்லையென்றால் இருவருக்கும் இனிப்புக் கிடையாது என்பார். வீடு அமைதியாக வேண்டும் என்பதே அவர் நோக்கம், அந்த நோக்கத்துக்கு அது சரியான வழி.

நீதிபதிக்கு அந்த வசதி எதுவும் இல்லை. எதிரில் நிற்பவர்களை அவர் முன்பின் பார்த்ததில்லை. அவர்கள் நல்லவர்களா என்று கேட்கவும் அவருக்கு அதிகாரம் இல்லை. அவரிடம் கேட்கப்பட்டது குறிப்பிட்ட கேள்வி: இவர் அவருக்கு இன்ன தொகை தர வேண்டுமா? அதற்கு விடை சொல்வதோடு அந்த விடைக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்ற வழியையும் காட்ட வேண்டும். மாஜிஸ்திரேட் நீதிமன்ற விதிகளில் 51ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. கட்சிக்காரர் எழுத்தில் கேட்டால் மாஜிஸ்திரேட் இரண்டு விஷயங்களை எழுதித் தர வேண்டும். மெய்ப்பிக்கப்பட்டதாக அவர் கண்ட உண்மைகள் எவை என்பது ஒன்று, அவர் முடிவுக்கான காரணங்கள் எவை என்பது மற்றொன்று.

இந்த இரண்டில் முதலாவதுதான் மாணவர்களைத் தடுக்கி விழவைக்கிறது. சட்டத்தை அவர்கள் படித்திருக்கிறார்கள், அதை எழுதிவிடுகிறார்கள். ‘சாட்சி சொன்னது’ என்பதிலிருந்து ‘நீதிமன்றம் கண்டது’ என்பதற்கு எப்படிக் கடப்பது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தக் கடப்பைப் பற்றியது.

கோப்பில் என்ன இருக்கிறது

சாட்ஸ்வொர்த்தில் மேட்டு நிலத்தில் ஒரு வீடு. வாசலிலிருந்து கராஜ் வரை வண்டிப் பாதைக்குப் பேவிங் கல் பதிக்க வீட்டுக்கார அம்மா ஓர் ஒப்பந்தக்காரரை அமர்த்துகிறார். ஒரு பக்கக் கொட்டேஷனில் இருவரும் கையெழுத்திடுகிறார்கள். 120 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 400 ராண்ட், மொத்தம் 48,000 ராண்ட். தரையைச் சமன் செய்வதும், மழைநீர் தெருப்பக்கம் ஓடும்படி சரிவு வைப்பதும் இந்த விலைக்குள் அடக்கம் என்று அதில் எழுதியிருக்கிறது. முன்பணமாக 18,000 ராண்ட் கொடுக்கப்பட்டுவிட்டது. மீதி 30,000 ராண்ட் வேலை முடிந்ததும் தர வேண்டும்.

வேலை ஐந்து நாளில் முடிந்தது. அடுத்து வந்த மழையில் கராஜுக்குள் தண்ணீர் புகுந்தது. அம்மா மீதிப் பணத்தைக் கொடுக்கவில்லை. ஒப்பந்தக்காரர் 36,500 ராண்ட் கேட்டு வழக்குப் போட்டார். மீதி 30,000, அதோடு கராஜின் முன்னால் குறுக்கே போட்ட இரும்புக் கம்பி மூடியுள்ள வடிகால் வாய்க்காலுக்கு 6,500. இந்த வாய்க்கால் கொட்டேஷனில் இல்லை, வேலை நடக்கும்போது அந்த அம்மா வாய்மொழியாகக் கேட்டு விலைக்கும் ஒப்புக்கொண்டார் என்பது அவர் கூற்று. சிறு கோரிக்கை நீதிமன்றத்தின் வரம்பு 20,000 ராண்ட் என்பதால், வழக்கு மாவட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது.

வழக்குத் தொடுத்தவர் வாதி, எதிர்கொள்பவர் பிரதிவாதி. வாதி தன் கோரிக்கையை எழுதித் தருவது வழக்குரை, பிரதிவாதியின் பதில் எதிருரை. வழக்குரையில் ஒரு மாற்றுக் கோரிக்கையும் இருக்கிறது: வேலையில் குறை இருப்பதாக நீதிமன்றம் கண்டால், குறையைச் சரிசெய்யும் செலவைக் கழித்துக்கொண்டு மீதியையாவது தர உத்தரவிட வேண்டும் என்று வாதி கேட்டிருக்கிறார். இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டவர் பிறகு வருந்துவார். எதிருரையில் அந்த அம்மா இரண்டு விஷயங்களைச் சொல்கிறார். வாய்க்காலுக்குத் தனி விலை பேசவே இல்லை. சரிவு தவறாக இருக்கிறது, அதைச் சரிசெய்யும் வரை ஒரு ராண்ட் கூடத் தர வேண்டியதில்லை.

முதலில் எதைத் தீர்க்க வேண்டும் என்று தீர்மானியுங்கள்

மாணவர்களின் முதல் வரைவில் பெரும்பாலும் நான்கு பக்கம் சாட்சியச் சுருக்கமே இருக்கும். வாதி இதைச் சொன்னார், பிரதிவாதி அதைச் சொன்னார் என்று கோப்பையே திரும்ப எழுதியிருப்பார்கள். கடைசி அரைப் பக்கத்தில் திடீரென்று ஒரு தொகை வந்து நிற்கும். படிப்பவருக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

சாட்சியத்தைத் தொடும் முன்பு வழக்குரையையும் எதிருரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்கிறேன். இருவரும் ஒத்துக்கொண்டதை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கொட்டேஷன், அதன் விலை, முன்பணம், கல் பதிக்கப்பட்டது, வாய்க்கால் போடப்பட்டது ஆகிய எதிலும் தகராறு இல்லை. ஒரே பத்தியில் எழுதி முடித்துவிடலாம். எஞ்சி நிற்பவைதான் எழுவினாக்கள், அதாவது நீதிமன்றம் விடை சொல்லியே ஆக வேண்டிய கேள்விகள். இந்தக் கோப்பில் அவை மூன்று. வாய்க்காலுக்கு 6,500 ராண்ட் தருவதாக ஒப்பந்தம் நடந்ததா? சரிவு கொட்டேஷனில் சொன்னபடி இருக்கிறதா? இல்லையென்றால் வாதிக்கு எவ்வளவு கிடைக்கும்?

எழுவினாக்களைச் சரியாக எழுதிவிட்டால் கோப்பின் பாதிப் பக்கங்கள் தானாக உதிர்ந்துவிடும். அந்த அம்மா வேலையாட்களுக்குத் தேநீர் கொடுத்தாரா, ஒப்பந்தக்காரர் தொலைபேசியில் கத்தினாரா என்பதெல்லாம் எந்த எழுவினாவுக்கும் விடை தராது. சாட்சிக் கூண்டில் மனிதர்கள் மனவேதனையைக் கொட்டுவார்கள். அதைக் கேட்பது நீதிபதியின் கடமை, தீர்ப்பில் எழுதுவது கடமையல்ல.

தராசு சமமாக நின்றால் யார் தோற்பார்?

அடுத்து, ஒவ்வொரு எழுவினாவுக்கும் பக்கத்தில் ‘யார் மெய்ப்பிக்க வேண்டும்’ என்று குறிக்க வேண்டும். இதற்கு மெய்ப்பிப்புச் சுமை என்று பெயர். இந்த நாட்டில் இதற்கு எல்லோரும் காட்டும் முன்தீர்ப்பு நம் பெயர்களைத் தாங்கியிருக்கிறது: 1946இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பிள்ளை எதிர் கிருஷ்ணா வழக்கு. ஒருவரிடமிருந்து ஒன்றைக் கோருபவர் அது தனக்கு உரியது என்று நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். வெறும் மறுப்பாக இல்லாமல் தனியாக ஒரு காரணம் காட்டித் தப்ப நினைக்கும் எதிரிக்கு, அந்தக் காரணத்தைப் பொறுத்தவரை அதே சுமை உண்டு.

சுமை என்றதும் சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பிப்பது என்று நினைக்கிறார்கள். அது குற்றவியல் வழக்குக்கு உரியது. உரிமையியல் வழக்கில் ‘இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்ற அளவு போதும். காய்கறிக் கடைத் தராசில் ஒரு தட்டு சற்றே இறங்கினால் போதும் என்பது போல. இரண்டு தட்டும் அசையாமல் சமமாக நின்றால்தான் சுமை யாருடையது என்பது வேலை செய்யும், சுமை தாங்குபவர் தோற்பார். அப்படி வாதி தோற்கும்போது நம் நீதிமன்றங்கள் வழக்கமாக வழக்கைத் தள்ளுபடி செய்வதில்லை. பிரதிவாதியை ‘இந்த விசாரணையிலிருந்து விடுவிக்கிறேன்’ என்று உத்தரவிடும். புதிய சாட்சியம் கிடைத்தால் வாதி மீண்டும் வரக் கதவு திறந்திருக்கும்.

நம் கோப்பில் வாய்க்கால் ஒப்பந்தத்தை மெய்ப்பிக்க வேண்டியவர் வாதி. சரிவைப் பற்றியும் அவரே மெய்ப்பிக்க வேண்டும், இது பலருக்கு வியப்பாக இருக்கும். இரண்டு பக்கக் கடமைகளும் ஒன்றுக்கொன்று கைம்மாறாக உள்ள ஒப்பந்தத்தில், தன் பங்கை ஒழுங்காக முடித்தேன் என்று காட்டிய பிறகே விலையைக் கேட்க முடியும். அதனால் ‘குறை இருப்பதாகப் பிரதிவாதி மெய்ப்பிக்கவில்லை, எனவே வாதிக்கு முழுத் தொகை’ என்று எழுதும் மாணவர் சுமையைத் தவறான தோளில் ஏற்றுகிறார்.

இதுவரை வந்த வழி: ஒத்துக்கொண்டதை ஒதுக்கினோம், மூன்று எழுவினாக்களை எடுத்தோம், முதல் இரண்டிலும் சுமை வாதியுடையது என்று குறித்தோம். சாட்சியத்தை இனிமேல்தான் திறக்கிறோம்.

இரண்டு கதைகள், ஒரு வீடு

வாதியின் சாட்சியம்: நான்காம் நாள் காலை அந்த அம்மா வெளியே வந்து கராஜின் முன்னால் ஒரு வாய்க்கால் போடச் சொன்னார். 6,500 ஆகும் என்றேன். சரி, போடுங்கள் என்றார். பிரதிவாதியின் சாட்சியம்: அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. வாய்க்கால் போடுவதைப் பார்த்தேன், வேலையின் ஒரு பகுதி என்று நினைத்தேன்.

இருவரில் ஒருவர் சொல்வது உண்மையில்லை. எப்படித் தீர்ப்பது? மாணவர்கள் எழுதுவது இதுதான்: ‘வாதி உறுதியாகவும் நேர்மையாகவும் சாட்சி சொன்னார். பிரதிவாதி மழுப்பினார்.’ அந்த வரியைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்பேன்: நீங்கள் அவர்களைப் பார்த்தீர்களா? உங்கள் கையில் இருப்பது தாளில் அச்சிட்ட சாட்சியப் பதிவு. குரலும் முகமும் அதில் இல்லை. நேரில் பார்க்கும் நீதிபதிகூட முகத்தை வைத்து உண்மையை அளப்பது ஆபத்து. முதல் முறையாகச் சாட்சிக் கூண்டில் ஏறும் நேர்மையான பெண் நடுங்குவார், பல முறை ஏறிப் பழகியவர் நடுங்க மாட்டார்.

இதற்கு ஒழுங்கான வழி ஒன்றை உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்திருக்கிறது. ஸ்டெல்லன்போஷ் ஃபார்மர்ஸ் வைனரி நிறுவனத்துக்கும் பிரெஞ்சு கொனியாக் நிறுவனமான மார்ட்டெலுக்கும் இடையிலான வழக்கில் அது வந்தது, 2003இன் சட்ட அறிக்கைத் தொகுதியில் வெளியானது. நேருக்கு நேர் மோதும் இரண்டு கதைகளில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். சாட்சி உண்மை சொல்ல முயல்கிறாரா என்பது நம்பகம். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும், அவர் பார்த்ததும் நினைவில் வைத்திருப்பதும் துல்லியமானவையா என்பது திடம். இந்தக் கதை மற்ற எல்லாவற்றோடும் பொருந்துகிறதா, உலக வழக்கில் இப்படி நடக்குமா என்பது நிகழ்வாய்ப்பு. மற்றவை சமமாக நின்றால் நிகழ்வாய்ப்பே வெல்லும்.

தாளை மட்டும் வைத்திருக்கும் மாணவருக்கு நிகழ்வாய்ப்புதான் உறுதியான தரை. அதில் நின்று கோப்பைத் திரும்பப் படித்தால் மூன்று சிறு விஷயங்கள் தென்படும்.

முதலாவது ஒரு வாட்ஸ்அப் செய்தி. இரண்டாம் நாள் வாதி அந்த அம்மாவுக்கு எழுதியிருக்கிறார்: ஓரக் கல்லுக்குச் சாம்பல் நிறமா சிவப்பா, எழுத்தில் உறுதி சொல்லுங்கள், பிறகுதான் வாங்குவேன். விலை மாறாத ஒரு நிறத்துக்கே எழுத்தில் உறுதி கேட்டவர், 6,500 ராண்ட் கூடுதல் வேலைக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

இரண்டாவது பில். வேலை முடிந்த அன்று அனுப்பிய பில்லில் 30,000 மட்டும் இருக்கிறது. வாய்க்காலைச் சேர்த்த இரண்டாவது பில் மூன்று வாரம் கழித்து, அந்த அம்மா தண்ணீரைப் பற்றிப் புகார் செய்த பிறகு வந்தது. குறுக்கு விசாரணையில் இதைக் கேட்டபோது முதல் பில்லில் எழுத மறந்துவிட்டதாக வாதி சொன்னார். மறக்கலாம், மனிதர் மறப்பார். ஆனால் முந்தின நாள்தான் முடித்த வேலை அது.

மூன்றாவதைப் பத்து மாணவர்களில் எட்டுப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வாதியின் உதவியாள், வாதி அழைத்த சாட்சி, வாய்க்கால் கூடுதல் வேலைதான் என்று சொல்ல வந்தவர், போகிறபோக்கில் சொல்கிறார்: “மூன்றாம் நாள் மாலை பைப் வைத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். தண்ணீர் கராஜ் பக்கமே வந்தது. மறுநாள் முதலாளி வாய்க்கால் போடச் சொன்னார்.”

இந்த மூன்று வாக்கியங்களை நிதானமாகப் படியுங்கள். வாய்க்கால் வீட்டுக்காரரின் விருப்பத்தால் வந்ததல்ல, சரிவு தவறிப்போனதைச் சமாளிக்க வந்தது என்று இவை சொல்கின்றன. அதாவது முதல் எழுவினாவுக்கும் இரண்டாவது எழுவினாவுக்கும் ஒரே இடத்தில் விடை கிடக்கிறது. தன்னை அழைத்தவருக்குப் பாதகமாக இப்படிச் சொல்ல இந்த உதவியாளுக்கு எந்தக் காரணமும் இல்லை, அதனால் இந்தச் சாட்சியத்தின் எடை கூடுகிறது.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக் கூடாது. தண்ணீர் புகுந்தது சனிக்கிழமை என்று முதலில் சொன்ன அந்த அம்மா பிறகு ஞாயிறு என்றார். அந்தச் சாட்சியத்தின் திடத்தை இது சற்றுக் குறைக்கிறது. தீர்ப்பில் இதை எழுத வேண்டும். எழுதிவிட்டு, கிழமை எந்த எழுவினாவையும் தொடவில்லை, தண்ணீர் வந்ததை உதவியாளின் சாட்சியமே தாங்குகிறது என்றும் சொல்ல வேண்டும். வென்றவரின் ஓட்டையை மூடி மறைத்த தீர்ப்பைத் தோற்றவர் உடனே கண்டுபிடிப்பார், அதன் பிறகு அவர் வேறு எந்த வரியையும் நம்ப மாட்டார்.

இப்போது கண்டறிதலை எழுதலாம். ஒரு மாணவியின் மூன்றாவது வரைவில் அது ஏறக்குறைய இப்படி வந்தது: ‘நான்காம் நாள் காலை 6,500 ராண்டுக்கு ஒப்பந்தம் நடந்தது என்ற வாதியின் கூற்றை ஏற்க இயலவில்லை. சிறிய விஷயத்துக்கும் எழுத்தில் உறுதி கேட்பது அவர் வழக்கம். முதல் பில்லில் இந்தத் தொகை இல்லை. முந்தின மாலையே தண்ணீர் கராஜ் பக்கம் வந்ததை அவரது சொந்தச் சாட்சி கூறுகிறார். இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, வாய்க்கால் வாதியின் சொந்த முடிவால் போடப்பட்டது என்பதே நடந்திருக்க அதிக வாய்ப்புள்ளது என்று காண்கிறேன்.’ யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

வாய்க்கால்தான் இருக்கிறதே, அதற்குக் காசு வேண்டாமா?

வகுப்பில் எப்போதும் எழும் கேள்வி இது. அந்த அம்மா அந்த வாய்க்காலை அனுபவிக்கிறார், இரும்பு மூடிக்குச் செலவாகியிருக்கிறது, ஒன்றும் கொடுக்காமல் இருப்பது நியாயமா? நல்ல மனம் கேட்கும் கேள்விதான். ஒருவர் செலவில் மற்றவர் காரணமின்றிப் பயனடைந்தால் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் தனி வழி உண்டு. ஆனால் வாதி அந்த வழியில் வரவில்லை, ஒப்பந்தம் நடந்தது என்று மட்டுமே வழக்குரையில் எழுதினார். பிரதிவாதியும் அதற்கு மட்டுமே பதில் சொன்னார். கேட்கப்படாத ஒன்றை நீதிபதி தானே எடுத்துக் கொடுத்தால், எதிர்த்தரப்பு வாய் திறக்க வாய்ப்பே இல்லாமல் தோற்கும். வழக்குரைதான் நீதிபதி நடமாடும் முற்றம், அதன் வேலியைத் தாண்டக் கூடாது.

இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு தவறு. ஒரு மாணவர் எழுதினார்: ‘என் தந்தை இதே தொழிலில் இருக்கிறார், சரிசெய்ய 9,000 ராண்ட் என்பது அதிகம்.’ அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் தந்தை சாட்சிக் கூண்டில் ஏறவில்லை, யாரும் அவரைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. அந்த வரியை அடிக்கச் சொன்னேன்.

குறையுள்ள வேலைக்கு என்ன விலை?

சரிவைப் பற்றி இனி அதிகம் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் தெருப்பக்கம் ஓட வேண்டும் என்பது கொட்டேஷனின் வாசகம், கராஜ் பக்கம் ஓடியது என்பது வாதியின் சாட்சி தந்த உண்மை. மழை அளவுக்கு மீறிப் பெய்தது என்ற வாதியின் விளக்கம் நிற்கவில்லை, ஏனென்றால் பைப் தண்ணீரே அந்தப் பக்கம் வந்திருக்கிறது. ஒப்பந்தம் மீறப்பட்டிருக்கிறது.

அப்படியானால் அந்த அம்மா ஒன்றும் தர வேண்டாமா? இங்கேதான் சட்டம் முதல் முறையாக முன்னால் வருகிறது. ‘நீ முடித்துக் கொடு, பிறகு நான் தருகிறேன்’ என்பது பிரதிவாதியின் முறையான எதிர்வாதம். ரோமன்-டச்சு சட்டத்திலிருந்து வந்தது, மாணவர்கள் அதன் நீண்ட இலத்தீன் பெயரின் தலையை மட்டும் எடுத்து ‘எக்செப்ஷியோ’ என்பார்கள். கண்டிப்பாக அதைப் பிடித்தால், கடைசிக் கல் சரியாகும் வரை வாதிக்கு ஒன்றுமில்லை.

இந்தக் கண்டிப்பைத் தளர்த்த நீதிமன்றத்துக்கு இடமுண்டு என்பதை, 1979இன் சட்ட அறிக்கைத் தொகுதியில் வெளியான பி.கே. டூலிங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விளக்கியது. குறையுள்ள வேலைக்குக் குறைத்த விலை தரலாம். அதற்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: எதிர்த்தரப்பு அந்த வேலையைப் பயன்படுத்துகிறது, விலையைக் குறைத்துத் தருவது இந்தச் சூழலில் நியாயம், குறைத்த விலை எவ்வளவு. மூன்றையும் காட்ட வேண்டியவர் ஒப்பந்தக்காரர்.

அந்த அம்மா தினமும் அந்தப் பாதையில் வண்டி ஓட்டுவதை மறுக்கவில்லை. 120 சதுர மீட்டரில் 100 சதுர மீட்டரில் எந்தக் குறையும் இல்லை, அதற்கும் சேர்த்து ஒன்றுமே தராமல் இருப்பது நியாயமாகாது. வழக்குரையில் மாற்றுக் கோரிக்கையும் இருக்கிறது, அதனால் வேலியைத் தாண்டவும் இல்லை. மிஞ்சுவது தொகை. வாதி எந்தத் தொகையும் சொல்லவில்லை, குறையே இல்லை என்பது அவர் நிலைப்பாடு. ஆனால் பிரதிவாதியின் சாட்சியான இன்னொரு பேவிங்காரர் சொன்னார்: கராஜ் முன்னால் 20 சதுர மீட்டர் கல்லைப் பெயர்த்து, மணலைச் சமன் செய்து, திரும்பப் பதிக்க வேண்டும், சதுர மீட்டருக்கு 450 ராண்ட் வீதம் 9,000 ஆகும்.

இவர் பிரதிவாதியின் அக்காள் மகன். மாணவர்கள் இதைக் கண்டதும் உற்சாகமாகி ‘உறவினர், எனவே நம்ப முடியாது’ என்று எழுதுகிறார்கள். உறவு எச்சரிக்கை மணி மட்டுமே. அவர் சொன்ன பரப்பளவை யாரும் மறுக்கவில்லை, விலையைக் குறுக்கு விசாரணையில் யாரும் தொடவில்லை, வேறு தொகையும் கோப்பில் இல்லை. வாதி மெய்ப்பிக்க வேண்டிய ஒன்றைப் பிரதிவாதியின் சாட்சி சொல்லியிருப்பதிலும் தவறில்லை. பதிவில் ஏறிய சாட்சியம் பொதுச் சொத்து, யார் கொண்டுவந்தாலும் நீதிமன்றம் பயன்படுத்தலாம். இந்தத் தொகையே இல்லாமல் போயிருந்தால் விலையைக் குறைக்க அளவுகோல் இருந்திருக்காது, மாற்றுக் கோரிக்கையும் வாதிக்குக் கைகொடுத்திருக்காது.

சுருக்கமாக: 30,000இலிருந்து 9,000 கழிகிறது, 21,000 நிற்கிறது. வாய்க்காலுக்கு ஒன்றுமில்லை.

கேட்டது 36,500, கிடைத்தது 21,000. பந்தியில் இதைக் கேட்பவர் ‘நடுவில் ஒரு தொகை’ என்றுதான் சொல்வார். பாதி என்றால் 18,250 வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ராண்டுக்கும் பின்னால் ஒரு கண்டறிதல் நிற்கிறது. வாட்ஸ்அப் செய்தி வேறு மாதிரி இருந்திருந்தால் 27,500 ஆகியிருக்கும். அக்காள் மகன் 12,000 என்று சொல்லி அதுவும் மறுக்கப்படாமல் நின்றிருந்தால் 18,000 ஆகியிருக்கும்.

உத்தரவை எழுதுவது

உத்தரவு என்பது தீர்ப்பின் கடைசிப் பகுதி. காரணங்களைப் படிக்காமல் இதை மட்டும் கையில் வைத்திருக்கும் நீதிமன்ற அலுவலர் இதை நிறைவேற்ற முடிய வேண்டும். ‘பிரதிவாதி நியாயமான தொகையைத் தர வேண்டும்’ என்று எழுதினால் அவர் எந்தத் தொகைக்குப் பொருளை ஜப்தி செய்வார்?

வாய்க்கால் கோரிக்கையில் தராசு சமமாக நிற்கவில்லை, பிரதிவாதியின் பக்கம் தெளிவாக இறங்கிவிட்டது. எனவே ‘விடுவிப்பு’ போதாது, தள்ளுபடி என்றே எழுத வேண்டும். வட்டியை மாணவர்கள் மறந்துவிடுவார்கள். வழக்குரையில் கேட்கப்பட்டிருந்தால் அதற்கும் விடை வேண்டும். வழக்குச் செலவும் அப்படியே. வழக்கமாக வென்றவருக்குச் செலவு கிடைக்கும், ஆனால் இங்கே இருவருமே ஒவ்வொன்றில் வென்றிருக்கிறார்கள். நான் செலவை வாதிக்குத் தருவேன், ஏனென்றால் அந்த அம்மா ஒரு ராண்டும் தர முன்வராததால், 21,000ஐப் பெறக்கூட அவர் நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. வேறு மாதிரி எழுதும் மாணவரையும் ஏற்றுக்கொள்கிறேன், காரணம் எழுதியிருந்தால். வாய்க்கால் கோரிக்கை விசாரணை நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றது, எனவே செலவில் ஒரு பகுதியைக் குறைக்கிறேன் என்று ஒரு மாணவி எழுதினார். அதற்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

அந்த மாணவியின் உத்தரவு இது:

1. பிரதிவாதி வாதிக்கு 21,000 ராண்ட் செலுத்த வேண்டும்.

2. அத்தொகைக்கு, அழைப்பாணை சேர்ப்பிக்கப்பட்ட நாள் முதல் செலுத்தப்படும் நாள் வரை, சட்டம் நிர்ணயித்த விகிதத்தில் வட்டி செலுத்த வேண்டும்.

3. வடிகால் வாய்க்காலுக்கான 6,500 ராண்ட் கோரிக்கை தள்ளுபடி செய்யப்படுகிறது.

4. வாதியின் வழக்குச் செலவில் மூன்றில் இரண்டு பங்கைப் பிரதிவாதி செலுத்த வேண்டும்.